ஃப்ரிட்ஜில் மாட்டிக்கொண்ட காய்கறி டிரே, அசையாத கண்ணாடித் தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறி டிரே பாதி வந்து நின்னுடுச்சு. இன்னும் கொஞ்சம் பலமா இழுத்தா வந்துடும்தானே?

இழுக்காதீர்கள். என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான், உடைந்த டிரேக்களில் பெரும்பாலானவை உடைந்ததும் இந்த "இன்னும் கொஞ்சம்" இழுப்பில்தான். பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் ஒளி ஊடுருவும் டிரே பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும், ஆனால் வளையாது, வளைத்தால் விரிசல்தான். குளிரில் இருக்கும்போது இன்னும் மோசம்.

டிரே பொதுவாக ஏதாவது ஒரு மூலையில்தான் மாட்டியிருக்கும். நீங்கள் இழுப்பதோ நடுவில் இருக்கும் கைப்பிடியை. அப்போது டிரே முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்கு முழுவதும் முன்பக்கச் சுவரும் அடிப்பகுதியும் சேரும் மூலையில் போய் நிற்கிறது. விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் முதல் வேலை இழுப்பது இல்லை, எந்த மூலை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

எந்த மூலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்ளே எதுவும் தெரியலையே.

வெளியே இழுக்காமல், முதலில் மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். உள்ளே லேசாகப் போய், திரும்ப இழுக்கும்போது அதே இடத்தில் டக்கென்று நின்றால் அது ஒட்டவில்லை, எதிலோ முட்டுகிறது. இழுக்கும்போது ரப்பர் மாதிரி கொஞ்சம் வந்து திரும்பப் போனால் உள்ளே ஒரு காயோ பையோ நசுங்கி நிற்கிறது. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கல் மாதிரி இருந்தால் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது, அல்லது அடியில் ஐஸ் பிடித்திருக்கிறது.

அப்புறம் இரண்டு கையாலும் முன்பக்க இரண்டு மூலைகளைப் பிடித்து, மாற்றி மாற்றி ஒரு நகக்கண் அளவு மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் அசையவில்லையோ அந்தப் பக்கம்தான் வேலை இருக்கிறது. போன் டார்ச்சை டிரேயின் பக்கவாட்டு இடுக்கில் அடித்துப் பார்த்தால் காடி (டிரேயின் விளிம்பு உட்கார்ந்து ஓடும் பள்ளம்) முழுவதும் தெரியும். பழுப்பாகப் பளபளத்தால் காய்ந்த ஜூஸ், வெள்ளையாக மங்கலாக இருந்தால் பனி.

காயைத் திணிச்சு வச்சுட்டேன், இப்ப திறக்கவே வரல. டிரே திறக்காம எப்படிக் காலி பண்றது?

மேலே இருக்கும் கண்ணாடித் தட்டை எடுத்துவிடுங்கள். பல ஃப்ரிட்ஜ்களில் டிரேக்கு மூடி மாதிரி இருப்பதே அந்தக் கண்ணாடிதான். அதன் மேல் இருப்பதை எல்லாம் இறக்கிவிட்டு, தட்டைத் தூக்கி எடுத்தால் டிரே மேலிருந்து திறந்த பெட்டி. முட்டிக்கொண்டிருக்கும் கேரட்டையோ கோஸையோ கையால் எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில ஃப்ரிட்ஜ்களில் டிரே பக்கச் சுவரில் ஓடாது, கண்ணாடித் தட்டின் சட்டத்துக்கு அடியில் தொங்கும். அங்கே தட்டைத் தூக்கினால் டிரேயும் சேர்ந்து கனக்கும். காடி சுவரில் இருக்கிறதா, தட்டின் அடியில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். தட்டின் அடியில் என்றால் கண்ணாடியை விட்டுவிட்டு, டிரேயின் மேல் இடுக்கு வழியாக ஒரு தட்டையான மரக் கரண்டியின் பின்பகுதியை நுழைத்து, முட்டும் காயைக் கீழே அமுக்கிக்கொண்டே டிரேயை மெதுவாக வெளியே கொண்டுவரலாம்.

கிட்டத்தட்ட முழுசா வெளிய வருது, கடைசியில டக்குனு நின்னுடுது. கழட்டிக் கழுவணும்.

இது கோளாறே இல்லை. கனமான டிரே காலில் விழாமல் இருக்க, காடியின் முன்பக்கமோ டிரேயின் பின்பக்க விளிம்பிலோ சின்ன முட்டு வைத்திருப்பார்கள். அங்கே நின்றதும், முன்பக்கத்தை மேலே தூக்கி, தூக்கிய நிலையிலேயே இழுத்தால் முட்டு தாண்டி வந்துவிடும். டிரேயைக் காலி செய்துவிட்டுச் செய்யுங்கள். பாரத்தோடு தூக்கினால் முட்டு ஒடிந்துவிடும், அது ஒடிந்தால் அப்புறம் ஒவ்வொரு முறையும் டிரே கையில் வந்து விழும்.

ஃப்ரிட்ஜ் சுவர் ஓரமா இருக்கு, கதவு பாதிதான் திறக்குது. டிரே கதவுல இடிக்குது.

கதவின் உள்பக்கம் இருக்கும் பாட்டில் தட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். அவை பெரும்பாலும் நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். பல வீடுகளில் அந்த இரண்டு மூன்று விரல்கடை இடமே போதும். போதாவிட்டால் காயைத் திணித்த கேள்வியில் சொன்ன மாதிரி மேல் கண்ணாடியை எடுத்துவிட்டு, டிரேயை மேல்பக்கமாகச் சாய்த்து எடுக்கலாம்.

கதவில் உரசி உரசி இழுப்பதைத்தான் நான் வேண்டாம் என்பேன். டிரே கோணலாகத் திரும்பும், கதவின் ரப்பரும் கிழியும். வேறு வழியே இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரிட்ஜை முன்னால் நகர்த்திக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் தட்டுல ஜூஸ் கொட்டிடுச்சு, கவனிக்கல. இப்ப டிரே, கண்ணாடி ரெண்டுமே ஒட்டிக்கிட்டு அசையல.

இருப்பதிலேயே பொறுமை கேட்கும் கேஸ் இதுதான், நல்லபடி முடிவதும் இதுதான். தெரிந்தவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூஸ் பாக்கெட் சாய்ந்து, கண்ணாடித் தட்டின் பின் மூலைக்கு ஓடி, அங்கிருந்து பிளாஸ்டிக் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கி, கீழே டிரேயின் இடது காடியில் தேங்கிக் காய்ந்திருந்தது. டிரேயின் வலது பக்கம் நகத்தளவு தூக்கியது, இடது பக்கம் துளியும் இல்லை. கண்ணாடியும் அப்படியே, இடது பின்மூலை மட்டும் சிமெண்ட் வைத்த மாதிரி.

சர்க்கரை தண்ணீரில் கரையும், அதை மட்டும் நம்பினால் போதும். பிளக்கைப் பிடுங்கி, தட்டுகளைக் காலி செய்து, கதவைத் திறந்தே வைத்து ஒரு மணி நேரம் விட்டோம். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் அறைச் சூட்டுக்கு வரட்டும் என்றுதான். அப்புறம் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, துணிக் கீற்றை நனைத்து, லேசாகப் பிழிந்து, இடது காடி நெடுக மேலே போட்டோம். கண்ணாடியின் பின்மூலைக்கு இன்னொரு ஈரத் துணி. துணி எட்டாத இடுக்குக்கு ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். கீழே ஒரு டவல், வழிவதை அது குடித்துக்கொள்ளும்.

இருபது நிமிடம் கழித்துத் துணியை எடுத்தால் அதில் பழுப்புக் கறை. கரைய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். துணியை அலசி, புதிதாக நனைத்து மறுபடி போட வேண்டும். கறை வருவது நிற்கும்வரை இதையே செய்துகொண்டிருக்கலாம், அவசரம் காட்டத் தேவையில்லை. முதலில் கண்ணாடியின் மூலை விட்டுக்கொடுத்தது. கண்ணாடியை எடுத்ததும் டிரேயின் உள்பக்கம் கை போகும் அளவு இடம் கிடைத்தது, இடது சுவரை உள்ளேயிருந்து உள்ளங்கையால் மெல்ல நடுப்பக்கம் அமுக்கியதும் காடியிலிருந்து "பிச்" என்று விடுபட்டது. ஒரு தடவைகூட இழுக்கவில்லை.

பாலோ முட்டையோ கொட்டிக் காய்ந்திருந்தால் இதே முறைதான், தண்ணீர் மட்டும் சூடாக இருக்கக் கூடாது. முட்டை சூட்டில் வெந்து இன்னும் இறுகும்.

நேரா கொதிக்கிற தண்ணிய ஊத்தினா சீக்கிரம் இளகிடாதா? இல்லன்னா ஹேர் டிரையர்?

இரண்டும் வேண்டாம். கண்ணாடித் தட்டு இருப்பது நாலு டிகிரி மாதிரியான குளிரில். அதில் ஒரு இடத்தில் மட்டும் கொதிநீர் பட்டால் அந்த இடம் விரியும், சுற்றியுள்ள கண்ணாடி விரியாது, நடுவில் விரிசல். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடி இதை ஓரளவு தாங்கும்தான். ஆனால் எல்லாத் தட்டும் டெம்பர்டு இல்லை, டெம்பர்டு கண்ணாடியிலும் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும்.

ஹேர் டிரையரில் வேறு பிரச்சினை. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கினாலே இளக ஆரம்பிக்கும், டிரையரின் முனையைக் கிட்டே பிடித்தால் ஃப்ரிட்ஜின் உள்சுவரே அலை அலையாக நெளிந்துவிடும். தவிர, ஈரம் சொட்டும் இடத்தில் கரண்ட் சாமான் எதற்கு? சூடு வேண்டுமென்றால் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, மடித்த டவலின் மேல் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். டவலை மறந்தால் கண்ணாடிக்கு வம்பு.

காடியில கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டா வழுக்கி வந்துடும்னு சொல்றாங்களே?

ஒட்டிக்கொண்டிருப்பது காய்ந்த சர்க்கரை என்றால் எண்ணெய் அதைக் கரைக்காது. தண்ணீர் உள்ளே போகும் வழியையும் அடைத்துவிடும். நாள்பட்டால் அந்த எண்ணெயே பிசுபிசுப்பாகி அடுத்த ஒட்டுக்கு அஸ்திவாரம் போடும்.

துரு இளக்கும் ஸ்ப்ரே, தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் நீக்கி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. இவை பாலிஸ்டைரீனைத் தாக்கும், இறுக்கத்தில் இருக்கும் டிரேயில் பட்டால் தொடாமலே விரிசல் ஓடும். பலருக்குத் தெரியாத ஒன்று, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கிளீனரும் அப்படித்தான். வாசனையாக, இயற்கையானதாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், அந்த எண்ணெய் பாலிஸ்டைரீனையே கரைக்கும்.

ஜூஸ் எதுவும் கொட்டல. டிரேக்கு அடியில வெள்ளையா ஐஸ் கட்டியிருக்கு.

ஐஸை உடைக்காதீர்கள், உருக விடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, அடியில் டவல் போட்டு, டேபிள் ஃபேனை முன்னால் ஓட விடுங்கள். பனிப்படலம் ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். அடியில் தகடு மாதிரி உறைந்திருந்தால் அரை நாள்கூட ஆகும். இரவில் ஆரம்பித்துக் காலையில் எடுப்பது வசதி. முக்கால்வாசி உருகியதும் டிரே அசையும், அப்போதே இழுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், மிச்சமிருக்கும் ஒரு ஐஸ் துண்டு ஒரு மூலையைப் பிடித்திருந்தாலும் முதல் பதிலில் சொன்ன முறுக்குதான் விழும்.

டிரேக்கு அடியில் தண்ணீர் ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி உறையும். பல ஃப்ரிட்ஜ்களில் பின்சுவரின் அடியில், டிரேக்குப் பின்னால், ஒரு சின்னத் துளை இருக்கும். பின்சுவரில் வழியும் தண்ணீர் அதன் வழியாக வெளியே கம்ப்ரசரின் மேல் இருக்கும் தட்டுக்குப் போய் ஆவியாகும். இலைத் துணுக்கோ பிளாஸ்டிக் துண்டோ அதை அடைத்தால் தண்ணீர் டிரேயின் கீழ் தேங்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் குப்பையை எடுத்துவிட்டு, சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கடகடவென்று இறங்குகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம். அந்தத் துளையே கண்ணில் படவில்லை, ஆனால் தண்ணீர் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், ஃப்ரீசருக்குப் பின்னால் இருக்கும் வடிகால் உறைந்திருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

கண்ணாடித் தட்டு முன்பக்கம் தூக்குது, பின்பக்கம் வரவே மாட்டேங்குது. ஒட்டியிருக்கா?

பெரும்பாலும் இல்லை. பின்பக்கம் கொக்கியோ முட்டோ இருக்கும். பின்சுவரில் செங்குத்தாக இரண்டு உலோகப் பட்டைகளில் துளை துளையாக இருந்தால் தட்டு அதில் கொக்கி போட்டுத் தொங்குகிறது. முன்பக்கத்தை நன்றாக மேலே சாய்த்து, பிறகு முழுத் தட்டையும் சற்றுத் தூக்கி, முன்னால் கொண்டுவந்தால் கழன்றுவிடும். பக்கச் சுவரின் மேட்டில் உட்காரும் தட்டு என்றால் பெரும்பாலும் கொஞ்ச தூரம் முன்னால் வந்து நிற்கும். அங்கே பின்பக்கத்தை அடியிலிருந்து உள்ளங்கையால் தூக்கி, முட்டைத் தாண்டவிட்டு இழுக்க வேண்டும்.

இரண்டிலும் ஒரு கை எப்போதும் கண்ணாடியின் அடியில் இருக்கட்டும். பின் முனை திடீரென்று விடுபடும்போது முழு எடையும் முன் கையில் விழும், தட்டு கீழ்த் தட்டில் போய் மோதும் நேரம் அதுதான். கீழ்த் தட்டில் மடித்த டவல் விரித்துவிட்டு ஆரம்பியுங்கள், காலில் செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் வெளிய வந்துடுச்சு, இன்னொரு பக்கம் உள்ளயே நிக்குது. கோணலா மாட்டிக்கிச்சு.

பழைய மர மேசையின் டிராயர் கோணலாகச் சிக்குமே, அதே கதை. வெளியே வந்த பக்கத்தை மேலும் இழுத்தால் இறுகும். அந்தப் பக்கத்தை மெதுவாக உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் நேராகும்வரை கொண்டுபோய், அங்கிருந்து இரு கையாலும் ஒரே அளவில் கொண்டுவாருங்கள். உள்ளே போகவும் மறுத்தால் டிரேயை முன்பக்கம் சற்றுத் தூக்கிக்கொண்டு தள்ளுங்கள். உருளைச் சக்கரம் வைத்த டிரே என்றால் சக்கரம் காடியை விட்டு இறங்கியிருக்கும், தூக்கினால்தான் ஏறும்.

மெல்லிசான ஸ்க்ரூ டிரைவர், இல்ல கத்தி விட்டு நெம்பிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. டிரே போனால் இன்னொரு டிரே வாங்கலாம். நெம்பும்போது முனை ஊன்றுவது ஃப்ரிட்ஜின் உள்சுவரில். அதற்குப் பின்னால் காப்பு நுரை இருக்கிறது, பல மாடல்களில் குளிர் வாயுக் குழாய்களும் அந்தச் சுவரை ஒட்டியே ஓடுகின்றன. அதில் ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜே போனது. இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் R600a வாயு தீப்பற்றக்கூடியதும்கூட.

ஒட்டை அறுக்க வேண்டுமென்றால் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல் போதும். ஊறவைத்த பிறகு அதைக் கண்ணாடிக்கும் சுவர் மேட்டுக்கும் நடுவில் நுழைத்து, இரு முனையையும் பிடித்து ரம்பம் போல மெல்ல ஓட்டினால் காய்ந்த படலம் அறுபடும். நூல் நுழையாத இடத்தில் காலாவதியான ஏடிஎம் கார்டைச் செருகலாம், ஆனால் செருகி நகர்த்த மட்டும்தான், நெம்ப அல்ல.

கண்ணாடியைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் சட்டத்துக்குள்ள அழுக்கு போயிருக்கு. சட்டத்தைத் தனியா கழட்டலாமா?

முன் பட்டையும் பின் பட்டையும் தனித்தனித் துண்டுகளாகத் தெரிந்தால் அவை செருகியவை, கழற்றலாம். நான்கு பக்கமும் இணைப்பே இல்லாமல் ஒரே சட்டமாக இருந்தால் கண்ணாடியோடு வார்த்ததாக இருக்கும், தொடாதீர்கள். செருகிய பட்டையை நடுவில் பிடித்து இழுக்காமல் ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணாடியின் பலவீனமே அதன் ஓரம்தான், பட்டை இல்லாத அந்த ஓரம் சிங்க்கிலோ தரையிலோ நேரடியாகப் படாமல் டவல் மேலேயே வைத்துக் கழுவுங்கள்.

அசைக்கும்போது "சட்"னு ஒரு சத்தம். உடைஞ்ச மாதிரி தெரியல, டிரே மூலையில வெள்ளைக் கோடு மட்டும் இருக்கு.

அந்த வெள்ளைக் கோடுதான் விரிசலின் ஆரம்பம். கையை எடுத்துவிடுங்கள், அன்றைக்கு அந்த மூலையில் இனி பலம் வேண்டாம். ஊறவைப்பதையோ உருகவிடுவதையோ இன்னும் இரண்டு சுற்று செய்துவிட்டு, அடுத்த முறை கைப்பிடியைத் தொடாமல் டிரேயின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி எடுங்கள். வெளியே வந்ததும் நன்றாகக் காயவைத்து, அந்த மூலையில் வெளிப்பக்கம் அகலமான பேக்கிங் டேப்பை மடித்து ஒட்டினால் கொஞ்ச காலம் ஓடும், கனமான காயை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள்.

கண்ணாடித் தட்டின் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் டேப் வைத்தியம் கிடையாது. டெம்பர்டு கண்ணாடி அன்றைக்குத் தாங்கிவிட்டு, பிறகு ஒரு நாள் பாத்திரம் வைக்கும்போது மொத்தமாகச் சிதறும். தட்டை மாற்றிவிடுங்கள். மாற்றும்வரை அதன் மேல் எதுவும் வைக்க வேண்டாம்.

எடுத்துட்டேன், கழுவிட்டேன். திரும்ப மாட்டிக்காம இருக்க காடியில ஏதாவது தடவணுமா?

சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் எதுவும் தேவையில்லை. ஈரத்தோடு மாட்டாதீர்கள், பின் மூலையில் தங்கும் ஈரம் பனியாகி மறுபடி பிடிக்கும். சுத்தம் செய்த பிறகும் கரகரவென்று ஓடினால் உணவுப் பொருள் படும் இடங்களுக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவலாம். எண்ணெய் ஏன் கூடாது என்று மேலே சொல்லிவிட்டேன்.

கண்ணாடித் தட்டைக் கழுவிய சூட்டோடு உள்ளே வைக்காமல் அறைச் சூட்டுக்கு ஆறவிடுங்கள். டிரேயை மாட்டும்போது முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு விளிம்பும் காடியில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு உள்ளே தள்ளுங்கள். காலி டிரேயை ஒரு முறை முழுக்க இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் காயை வையுங்கள்.